இரண்டாவது ரோல்

மார்ச் 18, புதன்

துணி வந்துவிட்டது. வெளிர்நீலம், இரண்டு ரோல். ஒன்று அறுபது மீட்டர், ஒன்று முப்பது. ஆஸ்பத்திரி மேட்ரன் கொடுத்த மாதிரித் துண்டை மேலே வைத்துப் பார்த்தேன். அச்சு அசல்.

துணிக்காரர் கஜக்கோல் ஒருநாளும் தேதி தவறியதில்லை. பதினொரு வருஷமாக அவர் கடைத் துணிதான் வெட்டுகிறேன். ஆளை நேரில் பார்த்தது மூன்று தடவை. இங்கிருந்து அவர் ஊருக்கு ஒரு பகல் பயணம். விறைப்பாக நிற்கிற நிலைக்கும், நூல் பிசகாமல் அளக்கிற கைக்கும் தையற்காரர்கள் வைத்த பெயர்தான் கஜக்கோல். காது சுத்தமாகக் கேட்காது. போனை எடுப்பது அவர் மாப்பிள்ளை. அவரிடமே பேச வேண்டுமென்றால் கடிதம்தான் போட வேண்டும்.

நர்ஸ்களுக்கு நாற்பது சட்டை. ஏப்ரல் 20 புது வார்டு திறப்பு. இது சரியாக முடிந்தால் ஆஸ்பத்திரித் தையல் மொத்தமும், திரை, விரிப்பு, ஆபரேஷன் அங்கி என்று வருஷம் பூராவும் நமக்கு வரும். என்னை நம்பி நாத்தனார் துணி ஃபேக்டரி வேலையை விட்டுவிட்டு வந்து, ஓரம் தைக்கிற ஓவர்லாக் மிஷினில் உட்கார்ந்திருக்கிறாள். இது கைநழுவினால் அவளுக்கு இங்கே வேலை இல்லை. அங்கேயும் திரும்ப எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

எழுத உட்கார்ந்தால் பயம்தான் முதலில் வருகிறது. துணி நன்றாக இருக்கிறது. அது போதும் இன்றைக்கு.


மார்ச் 20, வெள்ளி

வெட்டி முடித்தாயிற்று. நாற்பதும்!

சின்னச் சிக்கல் ஒன்று வந்தது, சமாளித்துவிட்டேன். இரண்டாவது ரோலை விரித்தால் அகலம் ஒன்றரை அங்குலம் கம்மி. முன்பக்கமும் பின்பக்கமும் சேர்ந்து ஐம்பத்தெட்டு அங்குலத்துக்குக் கணக்காக வெட்டு அட்டை வைத்திருந்தேன். இதில் உட்காராது. "ஒரே மில் துணிக்கு ரெண்டு அகலமா?" என்று சத்தமாகவே சொன்னேன். அப்புறம் மூளை வேலை செய்தது: உடம்பு முழுக்கப் பெரிய ரோலில், கை, காலர், பாக்கெட் எல்லாம் சின்ன ரோலில். ஒரு சட்டைக்கு உடம்புக்கு ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் மேல், சில்லறைத் துண்டுகளுக்கு அரை மீட்டருக்குக் கொஞ்சம் மேல். கணக்கு கச்சிதம். பெரியதில் ஐந்தரை மீட்டர், சின்னதில் ஆறு மீட்டர் மிச்சம்.

"அண்ணி, உங்க தலைக்குள்ள ஒரு கத்திரிக்கோல் இருக்கு" என்றாள் நாத்தனார். பெருமையாக இருந்தது. ஏன் பொய் சொல்ல வேண்டும்?


மார்ச் 25, புதன்

எழுத்து கோணலாக வருகிறது, வரட்டும்.

ஆறு சட்டை தைத்து முடித்திருந்தோம். நாத்தனார் ஒன்றை எடுத்துக்கொண்டு நூல் உதற வாசலுக்குப் போனாள். உள்ளே வரவில்லை. "அண்ணி, கொஞ்சம் வெளிய வாங்க" என்றாள்.

வெயிலில் பிடித்துக் காட்டினாள். உடம்பு ஒரு நீலம். கை வேறு நீலம். காலரும் பாக்கெட்டும் கையோடு சேர்ந்த நீலம், பச்சை ஓடின நீலம். யாரோ ரெண்டு பழைய சட்டையைக் கிழித்து ஒன்றாக ஒட்டின மாதிரி. உள்ளே கொண்டுபோய் டியூப்லைட்டுக்குக் கீழே பிடித்தால் ஒன்றுமே தெரியவில்லை! மறுபடி வெளியே. தெரிகிறது. உள்ளே. இல்லை. நாலு தடவை போய்ப்போய் வந்தேன். எதிர்க்கடை சாவிக்காரர் வேடிக்கை பார்த்தார்.

வெட்டுகிற மேஜை பின்அறையில். அங்கே ஜன்னல் கிடையாது.

ரெண்டு சாயம். ரெண்டு தொட்டியில் முக்கின துணி. ஒரே லாட் என்று சொல்லி அனுப்பிவிட்டான்... அனுப்பிவிட்டார். நாற்பது சட்டையும் போச்சு. நாற்பதும்.


மார்ச் 26, வியாழன்

போன் போட்டேன். மாப்பிள்ளைதான்.

"அக்கா, வெட்டின துணியை நாங்க எடுத்துக்கறதில்ல. பில்லுலயே அடிச்சிருக்கு, பாருங்க."

"குறை வெட்டின பிறகுதானே தெரிஞ்சுது?"

"வெட்டறதுக்கு முன்னாடி பாக்கணும்க்கா. எல்லாரும் அப்படித்தான் பாக்கறாங்க."

எல்லாரும்! பதினொரு வருஷம் தைக்கிறவளுக்கு நேற்று வந்தவன் பாடம் எடுக்கிறான். வைத்துவிட்டேன். அப்புறம் அவர் பெயருக்கே கடிதம் எழுதினேன். ஒரே மூச்சில், திருப்பிக்கூடப் படிக்காமல். லாட் மாற்றி ஏமாற்றியதாக எழுதினேன். இரண்டு ரோலையும் பகல் வெளிச்சத்தில் விரித்து, அகலமும் நிறமும் பார்த்து, சரியாக இருந்த பிறகே வெட்டியதாக எழுதினேன். பத்து நாளில் தொண்ணூறு மீட்டரும் புதிதாக வராவிட்டால் இந்த ஊரிலுள்ள அத்தனை தையற்கடைக்கும் போய் உங்கள் யோக்கியதையைச் சொல்வேன் என்றும் எழுதினேன்.

இவர், என் வீட்டுக்காரர், படித்துப் பார்த்துவிட்டு, "காரம் தூக்கலா இருக்கே" என்றார். காரம் பார்த்து வைப்பதற்கு அது என்ன குழம்பா என்றேன்.


மார்ச் 27, வெள்ளி

தபாலில் போட்டாயிற்று. மனசு ஏனோ நிறையவில்லை.


மார்ச் 31, செவ்வாய்

பதில் வந்தது. பில் காகிதத்தின் பின்பக்கம், நாலே நாலு வரி. அப்படியே எழுதி வைக்கிறேன்:

"இரண்டு ரோலிலும் கட்டியிருந்த அட்டையில் ஒரே லாட் எண் இருக்கும், பார்க்கவும். பகலில் விரித்துப் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள்; பார்த்திருந்தால் நீங்கள் வெட்டியிருக்க மாட்டீர்கள். உங்கள் கையை எனக்குத் தெரியும். ஊராரிடம் சொல்வது உங்கள் இஷ்டம்."

அட்டைகளைத் தேடி எடுத்தேன். எண் ஒன்றுதான். ஆனால் பெரிய ரோலின் அட்டையில் எண் மில் அச்சு. சின்ன ரோலில் பேனா எழுத்து! வெற்று அட்டையில், அழுத்தி எழுதின எழுத்து. கடிதத்தின் கையெழுத்தோடு வைத்துப் பார்த்தேன். ஏழுக்கு நடுவில் ஒரு குறுக்குக் கோடு போடுகிறார், இரண்டிலும்.

மாட்டிக்கொண்டார்.

ஆனால் அந்த மூன்றாவது வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். உங்கள் கையை எனக்குத் தெரியும். எதற்கு இப்படி எழுதுகிறார்? திட்டியிருந்தால் தேவலை.


ஏப்ரல் 1, புதன்

இன்று ஒரு வேலை உருப்படியாகச் செய்தேன். வெட்டுவதற்கு முன்னால் செய்திருக்க வேண்டிய வேலை.

இரண்டு ரோலின் மிச்சத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டு. ஒவ்வொன்றிலும் டேப்பின் சென்டிமீட்டர் பக்கம் வைத்து ஐம்பதுக்கு ஐம்பது சதுரம், மூலைகளில் நூல் தையல் போட்டு அடையாளம். சாக்பீஸ் என்றால் தண்ணீரில் போய்விடும். ஆஸ்பத்திரியில் வெந்நீரில்தான் துவைப்பார்கள், அதனால் வெந்நீரில் ஊறவைத்துத் துவைத்து, நிழலில் காயவைத்து, இழுக்காமல் தேய்த்து, திரும்ப அளந்தேன். நீளவாக்கில் பெரிய ரோல் நாற்பத்தொன்பது. சின்ன ரோல் நாற்பத்தேழு.

நூற்றுக்கு இரண்டும் நூற்றுக்கு ஆறும். ஒரே சலவையில் உடம்பு ஓரளவு நிற்கும், கை மட்டும் அரை அங்குலத்துக்கு மேல் ஏறிவிடும், காலர் சுருங்கிக் கழுத்தைப் பிடிக்கும். நிறத்தைக் கண்ணின் கோளாறு என்று சொல்லிவிடலாம். இதை என்ன சொல்வார்?

துணியின் கரையும் வேறு. பெரியதின் இரண்டு ஓரத்திலும் ஊசித் துளை வரிசையாக ஓடுகிறது. சின்னதில் துளையே இல்லை, கவ்விப் பிடித்து இழுத்த தடம். மில்லில் துணியைக் கடைசியாக இழுத்து நிறுத்துகிற மிஷினே வேறு என்று நாத்தனார் சொன்னாள். ஃபேக்டரியில் பார்த்திருக்கிறாளாம். எட்டு வருஷம் அங்கே சும்மா இருக்கவில்லை அவள்.


ஏப்ரல் 2, வியாழன்

சண்டை. எனக்கும் நாத்தனாருக்கும்.

இரண்டாவது கடிதத்தைச் சுடச்சுடத் தயார் பண்ணினேன். பேனா எழுத்து, சலவைக் கணக்கு, கரைத் தடம் எல்லாம் அதில். கடைசியில், "நாங்கள் இருவரும் பகல் வெளிச்சத்தில் பார்த்தோம் என்பதற்குக் கீழே கையெழுத்திட்டவர் சாட்சி." அவளிடம் நீட்டினேன். படித்தாள். பேனாவை வாங்கவில்லை.

"இது வேணாம் அண்ணி."

"ஏன்?"

"நாம பாக்கல. அகலம் கம்மின்னு நீங்களே சத்தமா சொன்னீங்க. நானும் கேட்டேன். தெரிஞ்சேதான் வெட்டினோம்."

"அவரு பண்ணினது பித்தலாட்டம் இல்லியா?"

"பித்தலாட்டம்தான். அதுக்காக நாம?"

"ஆர்டர் போனா உன் வேலையும் போகும், தெரியுமில்ல?"

சொல்லியிருக்கக் கூடாது. சொன்ன உடனே தெரிந்தது. அவள் ஓவர்லாக்குக்குப் போய் உட்கார்ந்து, நூலே கோக்காத மிஷினை ஓட்டிக்கொண்டிருந்தாள். முதுகைக் காட்டியபடியே, "போனா போகுது" என்றாள்.


ஏப்ரல் 3, வெள்ளி

பேச்சுவார்த்தை இல்லை. "ஊசி எங்க?" "டப்பாவுல." அவ்வளவுதான் நாள் முழுக்க.

நான் என்ன தப்பு பண்ணினேன்? சரி, என்ன பண்ணினேன் என்று எண்ணிப் பார்க்கலாம், இங்கே யார் பார்க்கப் போகிறார்கள்?

மார்ச் 20-இல் நானே எழுதியிருக்கிறேன், இந்த நோட்டில், என் கையால். அகலம் ஒன்றரை அங்குலம் கம்மி. அகலம் வேறு என்றால் லாட் வேறு என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். புதிதாகத் தொழில் பழகுகிறவளுக்குக் கூடத் தெரியும். அப்படித் தெரிந்தால் ஒரு சட்டைக்கு ஒரே ரோல் என்று வெட்டியிருக்க வேண்டும். இல்லையென்றால் வெட்டாமல் கடிதம் போட்டிருக்க வேண்டும். கடிதம் போட்டால் ஒரு வாரம் போகும் என்று பயந்தேன். பயத்துக்கு மூளை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

அந்த ஒரு வாரத்தை மிச்சம் பிடிக்கப் போய்...

அவர் பொய் சொன்னார். நானும் சொன்னேன். அவர் பொய் அட்டையில் இருக்கிறது, என் பொய் கடிதத்தில் இருக்கிறது. அவருக்கும் அது தெரியும். அதனால்தான் அந்த மூன்றாவது வரி.


ஏப்ரல் 4, சனி

எழுதிவிட்டேன். மத்தியானம் முழுக்க ஆயிற்று. மூன்று தாள் கிழித்தேன். நகல் இங்கே:

"ஐயா,

போன கடிதத்தில் எழுதியதில் ஒன்று பொய். நான் இரண்டு ரோலையும் பகலில் பார்க்கவில்லை. டியூப்லைட்டில்தான் பார்த்தேன். இரண்டாவது ரோல் ஒன்றரை அங்குலம் அகலம் குறைவு என்பதை வெட்டுவதற்கு முன்பே கண்டேன். கண்டும் உங்களுக்கு எழுதவில்லை. சலவை செய்து பார்க்கவில்லை. உடம்பை ஒரு ரோலிலும் கை, காலர், பாக்கெட்டை இன்னொன்றிலும் வெட்டினேன். ஒரு சட்டையை ஒரே ரோலில் வெட்டியிருந்தால் பாதி நஷ்டத்தோடு போயிருக்கும். அது என் தவறு. உங்கள் தலையில் கட்டமாட்டேன். ஊராரிடம் சொல்வேன் என்று எழுதியதையும் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நீங்கள் என்ன பதில் எழுதினாலும் சொல்ல மாட்டேன்.

இனி துணியைப் பற்றி. இரண்டு துண்டுகளை ஒரே ஊசியில் குத்தி அனுப்பியிருக்கிறேன். வாசலில் வைத்துப் பாருங்கள், கடைக்குள் வேண்டாம். இரண்டும் வெந்நீரில் துவைத்தவை. மூலைத் தையல்களுக்கு நடுவே ஐம்பது இருந்தது. இப்போது என்ன இருக்கிறது என்று நீங்களே அளந்துகொள்ளுங்கள், உங்கள் கோல் என் டேப்பைவிட நம்பகமானது. கரையை விட்டுவைத்திருக்கிறேன்.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். இது ஒரே லாட்டா?

உடம்புகளைக் காப்பாற்றலாம். கை, காலர், பாக்கெட்டுகளை மட்டும் மாற்றினால் போதும். என்னிடம் பெரிய ரோலில் ஐந்து மீட்டர் இருக்கிறது, எட்டு சட்டைக்கு வரும். மீதி முப்பத்திரண்டுக்கு அந்த லாட்டிலேயே இருபது மீட்டர் வேண்டும். 20-ஆம் தேதி திறப்பு."

நாத்தனாரிடம் நீட்டினேன். கையெழுத்துக்கு இல்லை, படிக்க. படித்தாள். "‘உங்கள் கோல்’னு எழுதியிருக்கீங்க, அவரோட பட்டப்பேரு அவருக்குத் தெரிஞ்சிருந்தா?" என்றாள். சிரித்துவிட்டோம். அப்புறம் நான் அழுதுவிட்டேன். அன்றைக்கு வேலையைச் சொல்லிக் குத்தினதற்கு மன்னிப்புக் கேட்டேன். "மூக்கத் தொடைங்க, துணியில படும்" என்றாள்.


ஏப்ரல் 6, திங்கள்

ஒன்றை ஒப்புக்கொண்டால் மற்றதும் வரிசையில் வந்து நிற்கிறது. மேட்ரனுக்கு எழுதாமல் இருப்பது மட்டும் என்ன நியாயம்?

கடிதத்தோடு தைத்த சட்டை ஒன்றையும் எடுத்துக்கொண்டு நானே போனேன். அவர் அறை ஜன்னல் பக்கம். சட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"இதை 20-ஆம் தேதி காலையில வந்து சொல்லியிருந்தீங்கன்னா?"

"அதான் இன்னைக்கே வந்தேன்."

"முதல் ஷிஃப்ட்டுக்குப் பதினாலு பேர். அந்தப் பதினாலு எனக்கு அன்னைக்கு வேணும். மீதி மாசக் கடைசிக்குள்ள. முடியுமா?"

முடியும் என்று வாய் வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "எட்டு நிச்சயம். ஆறு, துணிக்காரர் பதிலைப் பொறுத்தது" என்றேன்.

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பதினாலு" என்று மட்டும் திரும்பச் சொன்னார். எட்டோடு போய் நின்றால் ஆஸ்பத்திரித் தையல் வேறு கடைக்குப் போகும். அவர் சொல்லவில்லை, சொல்ல வேண்டியதும் இல்லை.


ஏப்ரல் 8, புதன்

தபால் இல்லை.


ஏப்ரல் 9, வியாழன்

இல்லை. ஐந்து மீட்டரில் எட்டு ஜோடிக் கையும் காலரும் பாக்கெட்டும் வெட்டினேன். வாசல் நடையில் பாய் விரித்து, வெயிலில். போகிறவர்கள் எல்லாம் காலை எடுத்து வைத்துத் தாண்டிப் போனார்கள். தைத்த ஆறிலிருந்தும் பழைய கையைப் பிரிக்கிறோம். ஓவர்லாக் தையலைப் பிரிப்பது தைப்பதைவிட மும்மடங்கு வேலை; இழுத்தால் உடம்புத் துணியின் ஓரம் பிசிறுகிறது. நாத்தனார் பல்லைக் கடித்துக்கொண்டு ஒவ்வொரு கண்ணியாக அறுக்கிறாள்.

"அண்ணி, அவரு பதிலே போடலைன்னா?"

தெரியாது. என் பொய்யை எழுத்தில் கொடுத்துவிட்டேன். அதை எடுத்துக்கொண்டு ‘பார், அவளே ஒத்துக்கொண்டாள்’ என்று அவர் பெட்டியில் பூட்டி வைத்தால் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. இவர் அதைத்தான் சொல்கிறார். "கையில இருந்த கத்தியை அவர்கிட்ட குடுத்துட்டு நிக்கிற." குடுத்துவிட்டுத்தான் நிற்கிறேன்.


ஏப்ரல் 11, சனி

வந்தது. நாலு பக்கம். பில் காகிதத்தில் இல்லை, நல்ல தாளில். முழுக்க எழுத எனக்குப் பொறுமை இல்லை, முக்கியமானது மட்டும்:

"துண்டுகளை வாசலில் வைத்துப் பார்த்தேன். ஒரே லாட் இல்லை. நீங்கள் தொண்ணூறு மீட்டர் கேட்டபோது அந்த லாட்டில் என்னிடம் எண்பத்தைந்து இருந்தது. முந்தின நாள்தான் இருபத்தைந்து மீட்டரை இன்னொரு தையற்காரருக்கு ஒத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு இல்லை என்று எழுதப் பிடிக்கவில்லை. போன வருஷத்து லாட் ஒன்று முப்பது மீட்டர் கிடந்தது. கடைக்குள் வைத்துப் பார்த்தேன், ஒத்துப்போனது. அட்டையை மாற்றி எண்ணை நானே எழுதினேன். மாப்பிள்ளைக்குத் தெரியாது. இத்தனை வருஷத்தில் ஒரு அட்டையை மாற்றி எழுதியது அதுதான் முதல் தடவை என்று சொன்னால் நீங்கள் நம்ப வேண்டியதில்லை.

உங்கள் முதல் கடிதத்தில் பொய் இருந்தது தெரிந்தது. அதைப் பிடித்துக்கொண்டு என் பொய்யை மறைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். நீங்கள் அதைத் திரும்ப எடுத்துக்கொண்டுவிட்டீர்கள். பிடித்துக்கொள்ள எனக்கு ஒன்றும் இல்லாமல் போயிற்று.

அந்தத் தையற்காரரிடம் நேற்றுப் போய் வந்தேன். இன்னும் வெட்டவில்லை. நடந்ததைச் சொல்லி, வேறு துணி கொடுத்து, அதில் இருபத்திரண்டு மீட்டர் திரும்ப வாங்கியிருக்கிறேன். அவசரப் பார்சலில் வரும். துணி என் பொறுப்பு. பிரித்துத் தைக்கிற கூலி உங்கள் பொறுப்பு. இது நியாயமாகப் படவில்லையென்றால் எழுதவும்."

நியாயம்தான். இதைவிட நியாயமாக நானே பிரித்திருக்க மாட்டேன்.

இரண்டு மூன்று தடவை படித்தேன். காது கேட்காத மனுஷர், இன்னொரு தையற்காரர் கடையில் போய் நின்று, நான் எண்ணை மாற்றி எழுதினேன் என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பது கூட அவருக்குக் கேட்டிருக்காது. முகத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டிருப்பார். அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஏன் எனக்கு வெட்கம் என்று தெரியவில்லை.

"இந்த லெட்டரைப் பத்திரமா வை" என்றார் இவர். எதற்கு என்று கேட்டேன். "கத்தி இப்ப உன் கையில" என்றார்.


ஏப்ரல் 14, செவ்வாய்

பார்சல் வந்தது. இந்த முறை உடனே கத்திரிக்கோலைத் தொடவில்லை.

முதலில் வாசல். தைத்து வைத்த உடம்பு ஒன்றைப் பக்கத்தில் போட்டு, காலை வெயிலில் ஒரு தடவை, மத்தியானம் ஒரு தடவை. ஒரே நீலம். அகலம் ஐம்பத்தெட்டு. கரையில் ஊசித் துளை. அரை மீட்டர் வெட்டித் துவைத்தேன்; காய்கிற வரைக்கும் பொறுப்பது பெரிய பாடு. "அண்ணி, துணியை முறைச்சுப் பாத்தா சீக்கிரம் காயாது." ஐம்பதுக்கு நாற்பத்தொன்பது.

அட்டையில் மில் அச்சு. பேனா எழுத்து எதுவும் இல்லை.

ஒரு அஞ்சல் அட்டையில் அவருக்கு எழுதினேன்: "பார்த்தேன். அளந்தேன். துவைத்தேன். சரியாக இருக்கிறது. வெட்டுகிறேன். இனி வெட்டியது என் பொறுப்பு. பழைய ரோலில் மிச்சமிருந்த ஆறு மீட்டரில் சலவைத் துண்டு போக மீதியைத் திருப்பி அனுப்புகிறேன்." எழுதின ஒவ்வொரு சொல்லும் உண்மை. இப்படி ஒரு கடிதத்தில் கையெழுத்துப் போடுவது எவ்வளவு லேசாக இருக்கிறது!


ஏப்ரல் 17, வெள்ளி

பதினொன்று முடிந்தது. முதுகு எனக்குச் சொந்தம் இல்லை.


ஏப்ரல் 18, சனி

பதினாலு. கடைசிச் சட்டைக்குப் பொத்தான் தைத்தது இவர். கோணலாகத்தான் தைத்தார், பிரித்துத் திரும்பத் தைத்தேன், சொல்லவில்லை.

சாயங்காலம் பதினாலையும் கொடியில் போட்டு வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் பார்த்தோம். சாவிக்காரர் எழுந்து வந்து தானும் பார்த்தார். "எல்லாம் ஒரே மாதிரிதானே இருக்கு, இதுல என்னத்தப் பாக்கறீங்க?" என்றார். நாத்தனார் அவரைக் கட்டிக்கொள்ளாத குறை.


ஏப்ரல் 20, திங்கள்

திறப்பு. கூட்டத்துக்குப் பின்னால், கேட்டுக்கு வெளியே நின்றேன். பதினாலு பேரும் முற்றத்தில் வரிசையாக நின்றார்கள். நல்ல வெயில். யாரும் யாருடைய கையையும் பார்க்கவில்லை. நான் மட்டும்தான் இருபத்தெட்டுக் கையையும் எண்ணிக்கொண்டிருந்தேன்.

மேட்ரன் என்னைப் பார்த்துவிட்டார். பக்கத்தில் வந்து, "மீதி முப்பதாம் தேதி" என்றார். பாராட்டு எதுவும் இல்லை. பரவாயில்லை. நல்ல பெண்மணி.


ஏப்ரல் 30, வியாழன்

இருபத்தாறும் கொடுத்தாயிற்று. தூங்கப் போகிறேன், பகலிலேயே.


மே 16, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து ஆர்டர் காகிதம். ஜூலையிலிருந்து ஒரு வருஷத்துத் தையல். முதல் வேலை இன்னும் அறுபது நர்ஸ் சட்டை, அதே நீலம். இதற்கு நூற்றிருபது மீட்டர் வேண்டும். நாத்தனார் காகிதத்தை வாங்கிப் படித்துவிட்டு மடித்துக் கொடுத்தாள். "எனக்கு ஒரு நல்ல ஸ்டூல் வாங்கிக் குடுங்க அண்ணி, இது ஆடுது." அவ்வளவுதான் சொன்னாள். முகத்தைப் பார்க்க வேண்டுமே!

கஜக்கோலுக்கு எழுதிப் போட்டேன்.


ஜூன் 11, வியாழன்

பதில் தாமதமாக வந்தது. பில் காகிதத்தின் பின்பக்கம். உள்ளே இரண்டு துண்டு, ஒரே ஊசியில்.

"பழைய லாட் தீர்ந்துவிட்டது, அதே நீலத்துக்கு ஒத்த லாட்டில் நாற்பது மீட்டர்தான் இருக்கிறது. இன்னொரு துண்டு புதிய லாட், அகலம் சரி, சலவையும் பார்த்துவிட்டேன், ஆனால் நிறம் ஒரு பிடி சிவப்பு. வாசலில் பார்த்தால் தெரியும். அதை உங்களுக்கு அனுப்ப மாட்டேன். சரியான லாட் வர ஐந்து வாரம் ஆகும். காத்திருக்க முடியாதென்றால் கீழே இருக்கிற கடையில் கேளுங்கள். அங்கே இப்போது இந்த நீலம் இருக்கிறது. நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்."

கீழே இன்னொரு துணிக்காரரின் விலாசம். தெளிவாக, தெருவும் கதவு எண்ணும் போட்டு. அவருடைய போட்டிக் கடை. மூன்று தெரு தள்ளி அவர் ஊரிலேயே இருக்கிற கடை.

அழுகை வந்துவிட்டது. துணிக்கடைக் கடிதத்துக்கு அழுகிறவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

மத்தியானம் ஆஸ்பத்திரிக்குப் போய் மேட்ரனிடம், கொடுத்த தேதிக்கு மேல் இரண்டு வாரம் தவணை கேட்டேன். ஏன் என்றார். கடிதத்தையே காட்டினேன். கீழே இருந்த விலாசத்தையும் படித்தார், நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"இந்தக் கடையில உடனே கிடைக்குமே?"

"கிடைக்கும்" என்றேன். "நான் இவருக்குக் காத்திருக்கேன்."

இரண்டு வாரம் கொடுத்தார். திரும்பி வருகிற வழியிலேயே ஒரு அஞ்சல் அட்டை வாங்கி, தபாலாபீஸ் மேஜையில் நின்றபடி எழுதிப் போட்டேன். ஐந்து வாரம் ஆகட்டும், துணியை உங்களிடமிருந்துதான் எடுப்பேன் என்று.